வாடகை வீட்டில் மெஸ் நடக்கிறது: நிறுத்தச் சொல்வது எப்படி?

சென்னை கொளத்தூரில் என் பெரியம்மாவுக்கு இரண்டு மாடி வீடு. மாடியில் அவர் இருக்கிறார், கீழ்வீட்டை ஒரு தம்பதிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஆறு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. ஏழாவது மாதம் வாசலில் டெலிவரி வண்டிகள் நிற்க ஆரம்பித்தன. பின்பக்கம் பெரிய பர்னர் அடுப்பு வந்தது, காலை நாலு மணிக்கே வெங்காயம் வதங்கும் வாசனை மாடிக்கு ஏறியது. மதியச் சாப்பாடு அறுபது பார்சல் போகிறது என்று எதிர்வீட்டுக்காரர் சொல்லித்தான் பெரியம்மாவுக்கே தெரியும்.

"காலி பண்ணச் சொல்லி எழுதிக் கொடு" என்று என்னிடம் வந்தார். நான் எழுதியது வேறு கடிதம். அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: இது வியாபாரம்தானா?

லேப்டாப்பில் ஆபீஸ் வேலை பார்ப்பது, நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பது, தெரிந்தவர்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பது, இதற்கெல்லாம் கடிதம் எழுதக் கிளம்ப வேண்டாம். வேலைக்கு ஆள் வருகிறதா, முன்பின் தெரியாதவர்கள் நாள் முழுக்க வந்து போகிறார்களா, கரண்ட் செலவு குடும்பத்துக்கு மீறியதா, கேஸ் சிலிண்டர் குவிகிறதா என்று பாருங்கள். கீழ்வீட்டில் நாலும் இருந்தன.

வீட்டுக்காரர் பயப்பட வேண்டியது கரண்டுக்குத்தான். இணைப்பு அவர் பெயரில், வீட்டு உபயோகக் கட்டணத்தில் இருக்கிறது. அதை வியாபாரத்துக்கு ஓட்டினால் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-ன்படி அது அனுமதியற்ற உபயோகம். மின்வாரியம் வந்து பார்த்தால் உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்குப் போடலாம். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்தே போடுவார்கள். பில் வீட்டுக்காரர் பெயரில்தான் வரும். இன்னொன்று, 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரில் மெஸ் நடத்தக் கூடாது. அதற்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான்.

இரண்டாம் படி: ஒப்பந்தத்தை எடுங்கள்

"குடியிருப்புக்கு மட்டும்" என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். எங்களுடையதில் நாலாவது ஷரத்தாக இருந்தது. அந்த வரி இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. எந்தக் காரியத்துக்காகக் குத்தகைக்கு விடப்பட்டதோ அதைத் தவிர வேறு காரியத்துக்கு வாடகைதாரர் இடத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 108 பொதுவாகவே சொல்கிறது.

அப்புறம், ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா? தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, பதினொரு மாத ஒப்பந்தத்தையும் அரசின் வாடகைப் பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். "பதினொரு மாசம்தானே, எதுக்குப் பதிவு?" என்று விட்டவர்கள் வழக்குக்குப் போகும்போது மாட்டிக்கொள்கிறார்கள். பதியாமல் இருந்தால் கடிதத்துக்கு முன்பே ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

மூன்றாம் படி: வெளியிலிருந்தே ஆதாரம்

பெரியம்மா சாவியைப் போட்டு உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார். கூடாது. உள்ளே போக 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும். அவசியமும் இருக்கவில்லை. வாசலில் நிற்கும் வண்டிகளைத் தேதியோடு படம் எடுத்தோம். உணவு டெலிவரி செயலியில் எங்கள் முகவரியிலேயே மெஸ் பெயர் இருந்தது, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். மின் அட்டையில் இரண்டு மாதத்துக்கு 330 யூனிட் வாக்கில் இருந்தது 910 ஆகியிருந்தது.

நாலாம் படி: நேரில் ஒரு பேச்சு

"தம்பி, கீழே சமையல் யாவாரம் நடக்குதாமே?"

"ஆமாம்மா, வேலை போயிடுச்சு. மாசம் ரெண்டாயிரம் கூடக் கொடுத்துடறேன்."

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். அந்த இரண்டாயிரத்தை வாங்கினால் வியாபாரத்துக்கு நீங்களே சம்மதித்ததாக நாளை சொல்லலாம். பெரியம்மா பாதி மனசோடுதான் வேண்டாம் என்றார், அந்தப் பையன் மேல் அவருக்குப் பரிதாபம். பழைய வாடகையை மட்டும் வாங்கினோம், ரசீதில் "குடியிருப்பு வாடகை" என்று எழுதினோம். உணவு உரிமத்துக்கோ ஜிஎஸ்டிக்கோ ஆட்சேபணையில்லை என்று கையெழுத்துக் கேட்டாலும் போடாதீர்கள்.

ஐந்தாம் படி: கடிதம்

"காலி பண்ணு" என்று எழுதாமல் "நிறுத்து" என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வாடகைச் சட்டத்தின் பிரிவு 21, இடத்தைத் தவறாகப் பயன்படுத்துவதை வெளியேற்றும் காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆனால் நிறுத்தச் சொல்லி அறிவிப்பு கொடுத்த பிறகும் தொடர்ந்தால்தான் அந்தக் காரணம் பிறக்கும். வீட்டுக்காரரின் நலனுக்குக் கேடான உபயோகமும், அக்கம்பக்கத்துக்குத் தொல்லையும், கட்டடத்துக்குச் சேதமும் இந்தத் தவறான உபயோகத்தில் அடங்கும். அதனால் "வியாபாரம்" என்று மட்டும் எழுதாமல் அதனால் என்ன கெடுகிறது என்பதையும் எழுத வேண்டும். எங்கள் கடிதம் இப்படி இருந்தது:

> நீங்கள் குடியிருக்கும் கீழ்தளம், நம் ஒப்பந்தத்தின் 4-வது ஷரத்துப்படி குடியிருப்புக்கு மட்டும் விடப்பட்டது. சுமார் ஒரு மாதமாக அங்கே விற்பனைக்கு உணவு தயாரித்து வருகிறீர்கள். இதற்கு நான் சம்மதிக்கவில்லை. என் பெயரில் உள்ள வீட்டு மின் இணைப்பு வணிகத்துக்குப் பயன்படுகிறது. பின்சுவரில் புகையும் எண்ணெயும் படிந்துள்ளது. அதிகாலைச் சத்தமும் வண்டிகளும் அண்டை வீட்டாருக்குத் தொல்லையாக உள்ளன. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் இந்த வியாபாரத்தை நிறுத்தி, செயலியிலிருந்து இம்முகவரியை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். குடியிருப்பாக நீங்கள் தொடர்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தொடர்ந்து நடத்தினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்க நேரிடும்.

கடைசிக்கு முந்தைய வரி பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. நான் பிடிவாதமாக வைத்தேன். கடிதத்தைப் படிப்பவருக்கு வீடு போய்விடுமோ என்ற பயம் வந்தால் சண்டைக்குத்தான் நிற்பார். 15 நாள் என்பது நாங்களாக வைத்த அளவு, அடுப்பை எடுத்து வேறு இடம் பார்க்க அவ்வளவாவது வேண்டும்.

தேதியும் கையெழுத்தும் போட்டு, நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025-இல் இதோடு இணைந்துவிட்டது. வாட்ஸப்பிலும் படம் அனுப்பலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஆறாம் படி: காத்திருக்கும்போது

தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது கூடவே கூடாது. அத்தியாவசிய வசதிகளைத் தடுக்கக் கூடாது என்று பிரிவு 20 சொல்கிறது. வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் போனால் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டி வரும். கெடு முடிந்த மறுநாளிலிருந்து மறுபடி தேதியோடு படம் எடுங்கள். "அறிவிப்புக்குப் பிறகும் தொடர்ந்தது" என்பதற்கு அதுதான் சாட்சி. அப்புறம் வக்கீலோடு வாடகை நீதிமன்றத்தில் பிரிவு 21-ன் கீழ் மனு. உடனே தீர்ப்பு வந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள்.

எங்களுக்கு அது தேவைப்படவில்லை. பன்னிரண்டாம் நாள் தம்பி மேலே வந்தார். "மெயின் ரோட்டில் ஷட்டர் போட்ட சின்ன இடம் கிடைச்சிருக்கும்மா, பத்து நாள் கூடக் கொடுங்க" என்றார். அதையும் எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தோம். வேறு இடத்துக்குப் போகும் தேதியை அந்தத் தாளில் அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த கணக்கீட்டில் மின் அட்டை 350-க்கு இறங்கியிருந்தது. பின்சுவர் எண்ணெய்க் கறைக்கு வெள்ளையடிக்கும் செலவை யார் கொடுப்பது என்ற பேச்சு மட்டும் இன்னும் முடியவில்லை.