நன்றியுரையில் விடுபட்ட நால்வர்

போன வருஷம் எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் நன்றியுரை என் பொறுப்பு. நினைவிலிருந்தே பேசினேன். மறுநாள் ஒரு அம்மா வந்து, "டீச்சர், ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பாத்திரம் கழுவினது நாங்க நாலு பேரு" என்றார். கேடயங்களுக்குப் பணம் தந்தவரையோ நான் இரண்டு முறை சொல்லியிருந்தேன்!

இந்த வருஷம் பந்தல், சமையல், ஒப்பனை என வேலைக்கு ஒரு பக்கமாக நோட்டு போட்டேன். பொறுப்பாசிரியர் வீட்டுக்குக் கிளம்பும் முன் அன்று உழைத்தவர்களை எழுதிவிட வேண்டும். பெயரை எப்படிப் போடலாம் என்று அவரவரிடமே கேட்டோம். இருவர் வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டோம்.

பணம் தந்தவர்களும் அரிசி, நாற்காலி தந்தவர்களும் ஒரே பட்டியலில், தொகை போடாமல், அகரவரிசையில். இனிஷியலை வைத்து அடுக்கினால் வரிசை குழம்பும். பெயரின் முதலெழுத்துதான் கணக்கு.

மேடையில் வேலைகளை மட்டும் சொல்லி அந்தந்தக் குழுவை எழுந்து நிற்கச் சொன்னேன். முழுப் பட்டியல் அறிவிப்புப் பலகையில். பக்கத்தில் நூலில் கட்டிய பென்சில், விடுபட்டவரைச் சேர்க்க. ஒரு வாரத்தில் மூன்று பெயர் கூடின. ஒருவர் நாற்காலி ஏற்றி வந்த வண்டி ஓட்டுநர்.