வீட்டு எலக்ட்ரீஷியன் வேலைய தனியா ஆரம்பிக்கப் போறீங்களா? டூல்ஸ், விசிட் சார்ஜ், திரும்பக் கூப்பிடுற வீடு

நான் திருச்சியில வீட்டு வேலை பாக்குறேன், ஒருத்தர்கிட்ட ஹெல்ப்பரா இருந்துட்டு அப்புறம் தனியா வந்தவன். புது பில்டிங் வயரிங் கான்ட்ராக்ட் பத்தி இங்க எழுதல, "ஃபேன் ஓடல", "கரண்ட் விழுந்துடுது"ன்னு போன் வர்ற சில்லறை வேலைய மட்டும் சொல்றேன்.

முதல்ல பேப்பர்

ஐடிஐ-ல வயர்மேன் இல்ல எலக்ட்ரீஷியன் படிச்சிருந்தா நல்லது. படிக்காம அனுபவத்துல மட்டும் வந்தவங்களுக்கு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுன்னு வேலைவாய்ப்பு பயிற்சித் துறை நடத்துது, அத எழுதி சர்டிஃபிகேட் வாங்கிடுங்க. மீட்டர், மீட்டர் சீல், போஸ்ட்ல இருந்து வர்ற சர்வீஸ் வயர் இதெல்லாம் ஈபி-காரங்க வேலை, வீட்டுக்காரர் எவ்ளோ கெஞ்சினாலும் கை வைக்காதீங்க.

டூல்ஸ், எவ்ளோ ஆகும்

டெஸ்டர், ஸ்க்ரூடிரைவர் செட், கட்டிங் ப்ளையர், நோஸ் ப்ளையர், வயர் ஸ்ட்ரிப்பர், ஒரு சாதா மல்டிமீட்டர், எல்லாம் சேத்து 2000 ரூபாய்க்குள்ள முடிச்சிடலாம். ஹேமர் ட்ரில் 3000 பக்கம், அலுமினிய ஏணி செகண்ட் ஹேண்ட்ல 2500, க்ளாம்ப் மீட்டர் 1500. ஆக 9000 ரூபாய், கடைக்கு கடை கொஞ்சம் ஏறி இறங்கும். ப்ளையர்ல மட்டும் காசு பாக்காதீங்க, சீப்பா வாங்கினா ரெண்டு மாசத்துல பிடி ரப்பர் கழண்டு வந்துடும், அந்த ரப்பர்தான் உங்க உயிரு. க்ளாம்ப் மீட்டர் முதல் மாசமே வேணாம், சம்பாதிச்சு வாங்குங்க.

இதோட ஒரு டப்பாவுல 2.5 மைக்ரோ ஃபேரட் ஃபேன் கெபாசிட்டர் நாலு, 6 ஆம்ப் ஸ்விட்ச் அஞ்சாறு, 16 ஆம்ப் சாக்கெட் ரெண்டு, டேப், கனெக்டர் எப்பவும் வண்டியில இருக்கணும். ஃபேன் மெதுவா ஓடுதுன்னு வர்ற கால்ல பாதி கெபாசிட்டர்தான், அதுக்கு கடைக்கு ஓடிட்டு வந்தா அரை மணி நேரம் போச்சு.

விசிட் சார்ஜ் எப்படி வைக்கிறது

பக்கத்து ஆள் என்ன வாங்குறான்னு பாத்து வைக்காதீங்க, உங்க கணக்க போடுங்க. என் கணக்கு இது: மாசம் கைக்கு 25,000 வேணும், பெட்ரோல், போன், டூல் தேய்மானம் எல்லாம் 5,000, மொத்தம் 30,000. மாசம் 25 நாள், நாளைக்கு 3 கால்னா 75 கால். ஒரு காலுக்கு சராசரி 400 ரூபா கூலி வரணும், பொருள் காசு இதுல சேராது. ஆரம்பத்துல நாளைக்கு ஒரு கால்தான் வரும், அதனால கைல நாலஞ்சு மாச செலவுக்கு பணம் வெச்சுட்டு இறங்குங்க.

நான் வாங்குறது 300, அதுலயே முதல் அரை மணி நேர வேலை அடக்கம், அதுக்கு மேல போனா ஒவ்வொரு அரை மணிக்கும் 175, ரெண்டும் சேந்துதான் அந்த சராசரி 400 வரணும். "விசிட் 100 தான்"னு சொல்லி வரவெச்சு அப்புறம் ஏத்துறவங்க இருக்காங்க, அந்த வீட்ல ரெண்டாவது தடவ கூப்பிடவே மாட்டாங்க. இந்த 300-ஐ போன்லயே சொல்லிடணும், வாசல்ல நின்னு சொன்னா சண்டை: "அம்மா, வந்து பாக்க 300 ஆகும், அரை மணில முடியுற வேலைன்னா அதோட சரி, மேல போனா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுட்டுதான் செய்வேன்." பத்துல ரெண்டு பேர் வேணாம்னு வெச்சிடுவாங்க, பரவால்ல விடுங்க, பேரம் பேசியே நேரத்த தின்னுற ஆளுங்க அவங்கதான்.

ஒரு வீட்டு கதை

போன ஐப்பசி மழையில ஸ்ரீரங்கத்துல ஒரு வீடு, ஆர்சிசிபி விழுந்துட்டே இருக்கு, அதுவும் சாயங்காலம்தான் அதிகமா விழுதுன்னாங்க. முன்னாடி வந்த ஒருத்தர் "ஆர்சிசிபி போயிடுச்சு, டைரக்டா குடுத்துடலாம்"னு சொல்லிட்டுப் போயிருக்காரு. அப்படி செஞ்சுட்டா ஷாக் அடிக்கிறப்ப காப்பாத்த அந்த வீட்ல ஒண்ணும் இருக்காது, தயவு செஞ்சு செய்யாதீங்க.

நான் எல்லா எம்சிபியையும் ஆஃப் பண்ணிட்டு ஆர்சிசிபிய தூக்கினேன், நின்னுச்சு. கிச்சன் எம்சிபிய போட்டு மிக்ஸி ஓட்டினா விழுந்துச்சு. சரி கிச்சன்தான்னு நினைச்சா, அத ஆஃப் பண்ணிட்டு பெட்ரூம்ல அயர்ன் பாக்ஸ் போட்டாலும் விழுது. இப்படி எந்த சர்க்யூட்ல லோடு போட்டாலும் விழுந்தா ஆர்சிசிபி மேல பழி போடாதீங்க, எங்கயோ நியூட்ரல் எர்த்த தொட்டுட்டு இருக்குன்னு மொதல்ல சந்தேகப்படணும். சிங்கிள் போல் எம்சிபி ஃபேஸ மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே லிங்க்ல ஒட்டிட்டு இருக்கும், அதனால கோளாறு இருக்குற சர்க்யூட்ட ஆஃப் பண்ணாலும் கோளாறு போகாது. வேற ரூம்ல ஓடுற லோடோட கரண்ட்ல கொஞ்சம் அந்த வழியா எர்த்துக்கு கசியும், 30 மில்லி ஆம்ப் வர்றதுக்குள்ள ஆர்சிசிபி விழுந்துடும். சாயங்காலம் ஏசி, அயர்ன்னு லோடு ஏறுது, கசிவும் ஏறுது, அதான் நேரம் பாத்து விழுந்துச்சு.

மெயின ஆஃப் பண்ணி, இன்வெர்ட்டரையும் ஆஃப் பண்ணேன் (இத மறந்து ஷாக் வாங்கினவங்க நெறைய பேரு), டெஸ்டர்ல செக் பண்ணிட்டு லிங்க்ல இருந்து ஒரு நியூட்ரல கழட்டி ஓரமா வெச்சேன். கழட்டின சர்க்யூட்டோட எம்சிபி ஆஃப்லயே இருக்கணும். அப்புறம் மெயின போட்டு வேற ரூம்ல அயர்ன் பாக்ஸ் டெஸ்ட். விழுந்தா மறுபடி ஆஃப், அத மாட்டிட்டு அடுத்தத கழட்டு. நாலாவது நியூட்ரல கழட்டினப்ப நின்னுச்சு. அது வெளி லைட் சர்க்யூட். கேட் தூண்ல இருந்த லைட்ட தொறந்தா உள்ள தண்ணி, வெறும் டேப் சுத்தின ஜாயிண்ட் ஊறிப்போய் எர்த் குடுத்த இரும்பு பாடிய தொட்டுட்டு இருந்துச்சு. நனைஞ்ச வயர வெட்டிட்டு, வாட்டர் ப்ரூஃப் ஜாயிண்ட் பாக்ஸ் போட்டு, ஆர்சிசிபியோட டெஸ்ட் பட்டன அமுக்கி விழுதான்னு பாத்துட்டு முடிச்சேன்.

ஒன்றரை மணி நேரம். கூலி 300, மேல ஒரு மணிக்கு 350, ஜாயிண்ட் பாக்ஸ், வயர் 140, மொத்தம் 790. அரை மணி தாண்டினப்பவே அந்தம்மாகிட்ட "இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்மா"ன்னு கேட்டு, சரின்னதும்தான் மேல போனேன்.

அந்த வீடு ஏன் திரும்பக் கூப்பிட்டுச்சு

ஊறிப்போன ஜாயிண்ட்ட தூக்கிப் போடாம கைல குடுத்து காமிச்சேன், கடை பில்ல அப்படியே குடுத்தேன். கடைக்காரர் தர்ற கமிஷன் ஆசையில வெலைய ஏத்தாதீங்க, அவங்க அடுத்த நாளே அதே கடையில போய் கேப்பாங்க. டிபி பாக்ஸ்ல எந்த எம்சிபி எதுக்குன்னு மார்க்கர்ல எழுதி, கதவுக்கு உள் பக்கம் என் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிட்டு வந்தேன். விசிட்டிங் கார்டு குப்பைக்குப் போயிடும், கரண்ட் போறப்ப எல்லாரும் தொறக்குறது அந்த கதவத்தான். ட்ரில் போட்டா கீழ பேப்பர் விரிச்சு, தூசிய நானே கூட்டிடுவேன்.

அப்புறம் ஒரு நோட்டு. "கேட் லைட் ஜாயிண்ட் மாத்தினது, ஹால் ஃபேன் கெபாசிட்டர் வீக், கிச்சன்ல 16 ஆம்ப் பாயிண்ட் கேட்டாங்க"ன்னு அந்த வீட்டுக்குன்னு ஒரு பக்கம். நான் செஞ்ச வேலையில ஒரு மாசத்துக்குள்ள அதே கோளாறு வந்தா கூலி கிடையாது, அதையும் பில்லுலயே எழுதிடுவேன்.

தை மாசம் அந்தம்மா போன் பண்ணாங்க, "தம்பி, ஹால் ஃபேன் சுத்தவே மாட்டேங்குது." கெபாசிட்டர எடுத்துட்டுதான் வண்டியவே எடுத்தேன், பத்து நிமிஷ வேலை. கெளம்புறப்ப மாடியில குடியிருக்குறவங்க எட்டிப் பாத்து, "எங்க வீட்டு ஸ்விட்ச் போர்டையும் கொஞ்சம் பாத்துட்டுப் போறீங்களா"ன்னாங்க.