முதல் மெயிலில் விலை எழுதாதீர்கள்: புது பையருக்கு எழுதும்போது நடக்கும் தவறுகள்

போன வாரம் வெங்கமேட்டிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். சொந்தமாக எட்டுத் தறி, தையலுக்கு ஆறு மெஷின். இதுவரை கரூரிலேயே பெரிய எக்ஸ்போர்ட்டர்களுக்கு ஜாப் ஒர்க் செய்தவர், இப்போது நேரடியாக ஏற்றுமதி செய்யப் பார்க்கிறார். இங்கிலாந்து, அமெரிக்க இறக்குமதியாளர்களுக்கு அனுப்பிய மெயிலைக் காட்டினார். நாற்பது பேருக்குப் போயிருக்கிறது. மூன்றாவது வரியிலேயே கிச்சன் டவல், ஏப்ரன், டேபிள் கிளாத் என்று வரிசையாகப் போட்டு, பக்கத்திலேயே டாலரில் விலை. பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2021இல் நான் அனுப்பிய மெயிலும் இதே போலத்தான் இருந்தது.

எழுத்துப்பிழை, பையர் பெயரைத் தப்பாகப் போடுவது, ஒரே மெயிலை எல்லாருக்கும் சிசி போட்டு அனுப்புவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அது யாருக்கும் தெரியும்.

வெறும் விலை

விலையைச் சொன்னால் பையர் சீக்கிரம் முடிவெடுப்பார் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் நாம் எழுதும் விலை அந்த பையரோடு நிற்பதில்லை. அவர் பெரும்பாலும் இறக்குமதியாளர். அவருக்குப் பின்னால் ஒரு கடைச் சங்கிலி இருக்கிறது. நம் விலையில் தன் லாபம், சுங்கவரி, கிடங்குச் செலவு எல்லாவற்றையும் கூட்டி அவர்களுக்கு ஒரு விலை கொடுத்துவிடுவார். நாம் மனதில் வைத்திருந்த விளக்கம் எதுவும் அந்த விலையோடு போகாது. எண் மட்டும் போகும்.

என் கதையைச் சொல்கிறேன். 2021 மார்ச்சில் இங்கிலாந்தில் ஒரு இறக்குமதியாளருக்கு எழுதினேன். காட்டன் கிச்சன் டவல், 50க்கு 70 சென்டிமீட்டர், ஒன்று 58 சென்ட். இவ்வளவுதான் எழுதியிருந்தேன். பதில் இல்லை, நானும் மறந்துவிட்டேன். நவம்பரில் ஒரு மெயில் வருகிறது: 24,000 டவல், நான்கு கலர், புரொஃபார்மா இன்வாய்ஸ் அனுப்புங்கள். ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை என்ன, நூலின் பருமனைச் சொல்லும் கவுன்ட் என்ன, எப்படி பேக்கிங், ஒரு கேள்வியும் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் அன்று மாலையே அதே 58 சென்டைப் போட்டு புரொஃபார்மா அனுப்பிவிட்டேன். கேள்வியே இல்லாமல் ஆர்டர் வந்தால், அவர் நம் விலையை எங்கோ ஏற்கெனவே கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். அது அன்று எனக்குத் தெரியவில்லை.

கணக்கைப் பாருங்கள். டவல் ஒன்றின் பரப்பு 0.35 சதுர மீட்டர். 200 ஜிஎஸ்எம் என்றால் எடை 70 கிராம். 24,000 டவலுக்கு 1,680 கிலோ, தறியிலும் கட்டிங்கிலும் போகும் வேஸ்ட் சேர்த்தால் சுமார் 1,800 கிலோ நூல். அந்த வருஷம் நூல் விலை எப்படி ஏறியது என்று இந்தத் தொழிலில் இருந்த எல்லாருக்கும் நினைவிருக்கும். மார்ச்சுக்கும் நவம்பருக்கும் இடையில் நான் வாங்கும் சாய நூல் கிலோவுக்கு 70 ரூபாய் கூடியிருந்தது. அதில் மட்டும் 1,26,000 ரூபாய்.

அப்புறம் பேக்கிங். நான் விலை போட்டது டஜன் டவலை ஒரு பாலி பையில் போட்டு அட்டைப்பெட்டியில் அடுக்கும் கணக்கில். அவர் கடைக்குக் கொடுத்த விலையோ, ஒவ்வொரு டவலுக்கும் மாட்ட ஒரு லூப், பார்கோடு அச்சடித்த ஹெட்டர் கார்டு எல்லாம் சேர்த்து. டவலுக்கு இரண்டே கால் ரூபாய், மொத்தம் 54,000.

மூன்றாவது கப்பல் கூலி. நான் துறைமுகத்தின் பெயரையே எழுதவில்லை. என் மனதில் இருந்தது எஃப்ஓபி தூத்துக்குடி, அதாவது அங்கே கப்பலில் ஏற்றும் வரைதான் என் செலவு. அவர் எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் ஃபெலிக்ஸ்டோ துறைமுகம் வரை வந்து சேரும் விலை. 2021இல் கன்டெய்னர் கூலி பல மடங்கு ஏறிக் கிடந்த நேரம் அது. பேசிப் பேசி ஆளுக்குப் பாதி என்று முடித்தோம். என் பங்கு 38,000.

மொத்தம் 2,18,000 ரூபாய் கூடுதல் செலவு. நான் வைத்திருந்த லாபம் டவலுக்கு மூன்று ரூபாய், அதாவது 72,000. கையிலிருந்து 1,46,000 போட்டு அந்த ஆர்டரை அனுப்பினேன். விலையை மாற்றச் சொல்லிக் கேட்டேன். கடையோடு ஒப்பந்தம் போட்டாயிற்று, இனி ஒரு சென்டும் ஏற்ற முடியாது என்றார். அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். நான் எழுத்தில் கொடுத்த விலையைத்தான் அவர் கேட்டார்.

இன்றும் யாராவது மெயிலில் வெறும் எண்ணைப் போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பக்கத்தில் ஐந்து விஷயத்தை எழுதியிருந்தால் போதும், இந்த நஷ்டம் வந்திருக்காது. தம்பியின் மெயிலை இப்படித் திருத்திக் கொடுத்தேன்:

"எடுத்துக்காட்டுக்கு ஒரு டவலின் விலை தருகிறோம். துவைத்து முடித்த பின் அளவு 50க்கு 70 செ.மீ., 200 ஜிஎஸ்எம், பாவும் ஊடையும் 2/20 காட்டன், நூலுக்குச் சாயமிட்டது. டஜனாகப் பாலி பையில், ஏற்றுமதி அட்டைப்பெட்டியில். ஒரு டிசைனுக்கு 4,000 டவல் என்ற அளவில், விலை இவ்வளவு டாலர், எஃப்ஓபி தூத்துக்குடி. இன்றிலிருந்து 15 நாள் வரை செல்லும். ஹெட்டர் கார்டு, பார்கோடு, லூப் தனி."

ஆங்கிலத்தில் எழுதினாலும் இதற்கு ஏழெட்டு வரிக்கு மேல் ஆகாது. 15 நாள் என்று போட்டதற்குக் காரணம், மில்காரர் நமக்கே நூல் விலையை அதற்கு மேல் நிறுத்தி வைப்பதில்லை. "துவைத்து முடித்த பின்" என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். காட்டன் டவல் முதல் சலவையில் சுருங்கும். சுருங்கிய பிறகு 70 வர வேண்டுமென்றால் தறியிலிருந்து கூடுதல் நீளத்தில் வெட்ட வேண்டும், அந்தத் துணியும் நம் செலவுதான்.

இவ்வளவும் எழுத வராது என்றால், முதல் மெயிலில் விலையே வேண்டாம். "உங்கள் ஸ்பெக் அனுப்புங்கள், இரண்டு நாளில் விலை தருகிறோம்" என்று முடியுங்கள். ஆனால் சொன்ன இரண்டு நாளில் அனுப்ப வேண்டும்.

சிலர் இதற்குத் தப்பிக்க "50 முதல் 80 சென்ட் வரை" என்று எழுதுகிறார்கள். பையர் கண்ணில் 50 மட்டும்தான் படும்.

குறைந்தபட்ச அளவைச் சொல்லாமல் விடுவது

சொன்னால் பையர் ஓடிவிடுவார் என்ற பயத்தில் மறைக்கிறோம். 63 இன்ச் தறியில் 50 செ.மீ. டவல் பக்கத்துக்குப் பக்கம் மூன்று வரும். ஹெம்முக்கும் சுருக்கத்துக்கும் சேர்த்து ஒரு டவலுக்கு 75 செ.மீ. நீளம் போகும். ஆயிரம் மீட்டர் பாவு ஓட்டினால் 4,000 டவல். கோடு போட்ட டிசைனில் அதற்குக் குறைவாகப் பாவு ஓட்டினால் சாயப்பட்டறையும் பாவு ஓட்டுகிறவரும் வாங்கும் கூலி டவல் விலையில் ஏறிவிடும். கலருக்கு 300 டவல் கேட்கும் பையரோடு இரண்டு மாதம் மெயில் போட்டு, சாம்பிள் அனுப்பி, கடைசியில் முடியாது என்று சொல்வதைவிட முதல் மெயிலிலேயே 4,000 என்று எழுதிவிடுங்கள். பாவு ஒரே கலரில் இருந்து ஊடையை மட்டும் மாற்றும் டிசைன் இருந்தால், அந்த 4,000த்துக்குள் இரண்டு மூன்று கலர் தரலாம். அதையும் சேர்த்து எழுதுங்கள். சின்ன பையர் அதைப் பிடித்துக்கொள்வார்.

மில்லின் சர்டிஃபிகேட்டை நம்முடையது போல எழுதுவது

நூல் வாங்கிய மில் ஆர்கானிக் துணிக்கான ஜிஓடிஎஸ் சான்று வைத்திருந்தால் மட்டும் நம் டவல் ஜிஓடிஎஸ் ஆகாது. சாயம், தறி, தையல் என்று ஒவ்வொரு கட்டமும் சான்று பெற்றிருக்க வேண்டும். எந்த நிறுவனத்துக்குச் சான்று இருக்கிறது என்று ஜிஓடிஎஸ் தன் தளத்திலேயே பட்டியல் வைத்திருக்கிறது. பையர் நம் பெயரைப் போட்டுத் தேட ஒரு நிமிஷம் ஆகும். பட்டியலில் நம் பெயர் இல்லையென்றால், மெயிலில் நாம் எழுதிய மற்ற எதையும் அவர் நம்பமாட்டார். "ஆர்கானிக் நூலில் நெய்து தர முடியும், எங்களிடம் இன்னும் சான்று இல்லை" என்று எழுதினால் அதற்கு மரியாதை உண்டு.

ஜெர்மனி

அங்கே முன் சம்மதம் இல்லாமல் விளம்பர மெயில் அனுப்புவது சட்டப்படி தப்பு, பெறுபவர் கம்பெனியாக இருந்தாலும். கடிதம் போடுங்கள். இல்லையென்றால் ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சியில் நேரில் பார்த்து, கார்டு வாங்கி, மெயில் அனுப்பலாமா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

20 எம்பி கேட்டலாக்

வேண்டாம். படம் மூன்று போதும்.

எல்லாம் செய்கிறோம் என்பது

பெட்ஷீட், திரைச்சீலை, பனியன் எல்லாம் செய்வோம் என்று எழுதினால் பையர் நம்மை ஏஜென்ட் என்று நினைத்துக்கொள்வார். எட்டுத் தறிக்காரர் கிச்சன் டவல் மட்டும் செய்கிறோம், மாதத்துக்கு இத்தனை டவல் முடியும் என்று எழுதட்டும்.

இரண்டாவது மெயில்

பத்து நாள் கழித்து ஒன்று போடலாம். "முந்தைய மெயிலைப் பார்த்தீர்களா" என்று கேட்காதீர்கள். தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்தது இரண்டு வரி: அதே டவலில் ஒரு சாம்பிள் தயாராக இருக்கிறது, அனுப்ப முகவரியும் உங்கள் கூரியர் அக்கவுன்ட் நம்பரும் தருவீர்களா? உண்மையில் வாங்க நினைக்கிறவர் கூரியர் நம்பரைக் கொடுத்துவிடுவார். வெறுமனே சாம்பிள் சேர்க்கிறவர் அங்கேயே நின்றுவிடுவார். நாற்பது பேருக்கும் திருத்திய மெயிலை மறுபடி அனுப்பலாமா என்று தம்பி கேட்டார். பழைய விலை செல்லாது என்று முதல் வரியில் எழுதி, இன்றைக்கே அனுப்பச் சொன்னேன்.