எல்-பிரிவு மேட்சிங்: 18 ஓம் என்று நம்பி ஏமாறாதீர்கள்

எல்-பிரிவு மேட்சிங் நெட்வொர்க்கில் இருப்பவை இரண்டே உறுப்புகள்: தொடரில் ஒன்று, இணையில் ஒன்று. கணக்கும் நாலு வரிதான். இருந்தும் புதிதாக வருபவர்கள், ஒரு காலத்தில் நாங்களெல்லாம் விழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுகிறார்கள். மைக்ரோவுக்கும் நானோவுக்கும் இடையே தடுமாறுவது, 2π-ஐ விட்டுவிடுவது போன்றவை தானாகவே வெளியே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். தானாகத் தெரியாத தவறுகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

முதலில் சரியான கணக்கைப் பார்த்துவிடுவோம். சோர்ஸ் 50 ஓம், லோடு வெறும் மின்தடையாக 10 ஓம், அதிர்வெண் 10 மெகாஹெர்ட்ஸ்.

```
Q  = √(50/10 − 1) = 2
Xs = Q × 10 = 20 Ω   (தொடர் காயில், 318 nH)
Xp = 50 / Q = 25 Ω   (இணை கெபாசிட்டர், 637 pF)
```

10 ஓமுடன் தொடரில் 20 ஓம் ரியாக்டன்ஸைச் சேர்த்தால், அதுவே இணை வடிவத்தில் 50 ஓம் மின்தடையாகவும் அதற்குப் பக்கத்தில் 25 ஓம் காயிலாகவும் தெரியும். அந்த 25 ஓமை எதிர் ரியாக்டன்ஸ் உள்ள கெபாசிட்டர் அடித்துவிடுகிறது. மிச்சம் 50 ஓம். மின்தடையை ஏற்றிக்கொடுப்பது தொடர் உறுப்பு, ஒட்டிக்கொண்டு வந்த ரியாக்டன்ஸைத் துடைப்பது இணை உறுப்பு. இந்த வேலைப் பிரிவினை மனதில் இருந்தால் கீழே வருவது எளிதாகப் புரியும்.

|Z|-ஐ மின்தடையாக எடுத்துக்கொள்வது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். நடைமுறையில் லோடு வெறும் மின்தடையாக வருவது அபூர்வம். மேலே சொன்ன 10 ஓமுடன் 15 ஓம் ரியாக்டன்ஸும் சேர்ந்து 10 + j15 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மீட்டரின் திரையில் பெரிய எழுத்தில் |Z| = 18 என்று வரும். அந்த 18-ஐ அப்படியே சூத்திரத்தில் போட்டுவிடுகிறார்கள். Q 1.33, காயில் 24 ஓம், கெபாசிட்டர் 37.5 ஓம் என்று விடையும் அழகாக வந்துவிடுகிறது.

கட்டி முடித்து அளந்தால் என்ன ஆகும் தெரியுமா? நெட்வொர்க் இல்லாதபோது 5.5 ஆக இருந்த SWR 3.3-க்கு இறங்கும். ஆளை ஏமாற்றுவது இந்த இறக்கம்தான். "பாதி சரியாகிவிட்டது, இனி கொஞ்சம் சரிசெய்தால் போதும்" என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. ஒரு பையன் ஒரு மாலை முழுவதும் கெபாசிட்டரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கடைசியில், "சார், இந்தக் கெபாசிட்டர் எல்லாம் மதிப்பு தப்பு போல" என்றான். கெபாசிட்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. லோடில் ஏற்கெனவே இருந்த 15 ஓமும் அவன் சேர்த்த 24 ஓமும் கூடி, தொடரில் மொத்தம் 39 ஓம் ஆகிவிட்டது. 10 + j39 என்பது இணை வடிவத்தில் 162 ஓம். கெபாசிட்டரால் அந்த 162-ஐத் தொடவே முடியாது. பக்கத்திலுள்ள ரியாக்டன்ஸை மட்டும்தான் துடைக்க முடியும். அதை எப்படித் திருகினாலும் SWR 3.2-க்குக் கீழே வராது.

இதிலிருந்தே ஒரு சோதனை கிடைக்கிறது. இணைக் கெபாசிட்டரைத் திருகும்போது SWR ஓர் இடத்தில் குறைந்து மறுபடி ஏறுகிறது, ஆனால் குறைந்த இடத்திலும் 1-க்குப் பக்கத்தில் வரவில்லை என்றால், கோளாறு தொடர் உறுப்பில் இருக்கிறது. கெபாசிட்டரை விட்டுவிட்டுக் காயிலைப் பாருங்கள்.

சரியான வழி சுலபம். நமக்குத் தொடரில் தேவைப்படுவது மொத்தம் +20 ஓம். லோடே 15 தருகிறது. நாம் சேர்க்க வேண்டியது 5 ஓம், அதாவது 80 nH மட்டும். கெபாசிட்டர் முன்பு சொன்ன அதே 637 pF.

இப்போது லோடு 10 − j15 என்று வைத்துப் பாருங்கள். அதற்கும் |Z| 18 தான், SWR-உம் அதே 5.5 தான். ஆனால் இந்த முறை காயில் 35 ஓம், கிட்டத்தட்ட 557 nH வேண்டும். 80 எங்கே, 557 எங்கே! திரையில் மட்டும் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். லோடு 10 + j30 ஆக இருந்தாலோ தொடரில் காயிலே கூடாது. 10 ஓம் கெபாசிட்டர், சுமார் 1.6 nF போட வேண்டும். ஆகவே R, X இரண்டையும் தனித்தனியாக, X-இன் குறியோடு அளக்காமல் கணக்கைத் தொடங்கவே வேண்டாம்.

குறியைக் காட்டாத மீட்டர்தான் கையில் இருக்கிறது என்றால் அதற்கும் வழி உண்டு. லோடுக்குத் தொடரில் ஒரு சின்னக் காயிலை, இங்கே 80 nH என்று வையுங்கள், சேர்த்து மறுபடி அளங்கள். |Z| 18-இலிருந்து 22-க்கு ஏறினால் X நேர்குறி. 14-க்கு இறங்கினால் எதிர்க்குறி. காயிலை மட்டும் சின்னதாக வையுங்கள். அதன் ரியாக்டன்ஸ் லோடின் X-ஐப் போல இரண்டு மடங்கைத் தாண்டினால், எதிர்க்குறி லோடிலும் |Z| ஏறிவிடும்.

இணை உறுப்பை 10 ஓம் பக்கம் வைப்பது

இணை உறுப்பின் இடம் 50 ஓம் பக்கம். வெறும் 10 ஓம் லோடுக்குக் குறுக்கே அதை வைத்தால் மின்தடை இன்னும் இறங்கும். எந்த மதிப்பைப் போட்டாலும் 50 வராது.

கேபிளோடு சேர்த்து அளப்பது

மேலே சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் தோற்பவர்கள் உண்டு. காரணம், அளந்த இடம் ஒன்று, நெட்வொர்க்கை வைக்கும் இடம் வேறு. வேகக் காரணி 0.66 உள்ள 50 ஓம் கேபிள் 30 செ.மீ. நீளம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 10 மெகாஹெர்ட்ஸில் அது அலைநீளத்தில் 66-இல் ஒரு பங்குதான். இத்தனை குட்டிக் கேபிள் என்ன செய்துவிடும் என்று தோன்றும். நம்முடைய 10 + j15 லோடை அதன் வழியாக அளந்தால் திரையில் வருவது ஏறக்குறைய 10.7 + j20. அதை நம்பிக் கணக்குப் போட்டால் காயிலே தேவையில்லை என்று விடை வரும்! அப்புறம் நெட்வொர்க்கை லோடின் கால்களிலேயே கட்டுவார்கள். தேவையான 5 ஓம் அங்கே இருக்காது.

கேபிளைத் தவிர்க்க முடியாவிட்டால், மீட்டரைக் கேபிளின் மறுமுனையில் அளவுதிருத்தம் செய்யுங்கள். ஓப்பன், ஷார்ட், 50 ஓம் மூன்றையும் நெட்வொர்க் வரப்போகும் அதே புள்ளியில் வையுங்கள்.

பட்டை அகலத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்று நினைப்பது

முடியாது. பட்டை அகலம் Q-ஐப் பொறுத்தது; இரண்டு மின்தடைகளின் விகிதமே அந்த Q-ஐத் தீர்மானித்துவிடுகிறது.

SWR 1 வந்ததும் வேலை முடிந்தது என்பது

காயிலுக்கும் இழப்பு உண்டு. நெட்வொர்க்கின் Q-ஐக் காயிலின் சொந்த Q-ஆல் வகுத்தால், உள்ளே வரும் திறனில் வெப்பமாகிப்போகும் பங்கு தோராயமாகத் தெரியும். லோடு வெறும் 10 ஓமாக இருந்த முதல் கணக்கில், காயிலின் Q 100 என்றால், 2-ஐ 100-ஆல் வகுத்து 2 சதவீதம், கவலை இல்லை. லோடு 1 ஓமாக இருந்தால் நெட்வொர்க்கின் Q 7 ஆகிவிடும். அப்போது Q 30 மட்டுமே உள்ள மட்டமான காயிலைப் போட்டால், ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் திறன் காயிலிலேயே எரிந்துபோகும். SWR மீட்டருக்கு இது தெரியவே தெரியாது. காயிலின் மின்தடையையும் சேர்த்து மதிப்புகளைச் சரிசெய்திருந்தால் அது நிம்மதியாக 1 என்றே காட்டும். சில நிமிடம் திறனைச் செலுத்தி, நிறுத்திவிட்டுக் காயிலைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் தடித்த கம்பியில், சுற்றுகளுக்கு இடையே கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுபடி சுற்றுங்கள்.