பர்ச்சேஸ் மேனேஜர் மாறிவிட்டாரா? உடனே தெரிந்துகொள்ள அலர்ட் வைப்பது எப்படி

மதுரை பக்கம் கப்பலூரில் எனக்குச் சின்ன அட்டைப்பெட்டி யூனிட். நான் பேச வேண்டியவர்கள் எல்லாம் கம்பெனிகளின் பர்ச்சேஸ் மேனேஜர்கள். பல வருடமாக என் பேச்சு ஒரே மாதிரிதான் இருந்தது: "சும்மா கூப்பிட்டேன் சார், ஆர்டர் ஏதும் இருக்கா?" சும்மா கூப்பிடுகிறவனுக்கு என்ன பதில் வரும்? "இருந்தா சொல்றேன்." அவ்வளவுதான்.

பர்ச்சேஸில் இருப்பவர் நாம் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் காலம் ஒன்று உண்டு. புதிதாக அந்த சீட்டில் உட்கார்ந்த முதல் இரண்டு மாதம். பழைய ரேட்டை எல்லாம் எடுத்துப் பார்ப்பார், இன்னும் இரண்டு கொட்டேஷன் வாங்கச் சொல்வார். அதற்கப்புறம் அவருக்கும் வேலை பழகிவிடும், வெண்டர் லிஸ்ட்டும் இறுகிவிடும். ஒருவர் வேலை மாறினால் இது இரண்டு இடத்தில் நடக்கிறது என்பதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. அவர் போய்ச் சேர்ந்த கம்பெனியில் ஒன்று, விட்டுப்போன கம்பெனியில் இன்னொன்று.

முதலில் லிங்க்ட்இன்

முதலில் உங்களுக்கு முக்கியமான இருபது பேருக்குக் கனெக்‌ஷன் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். இலவசக் கணக்கில், நம்மோடு நேரடியாக இணைந்தவர்களின் மாற்றம்தான் நமக்கு வரும். அப்புறம் `My Network` போய் `Catch up` என்பதைத் தொட்டால், அதில் `Job changes` தனியாக இருக்கும். வாரம் ஒருமுறை அதைப் பார்த்தால் போதும்.

இதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். புது வேலையைப் பதியும்போது `Notify network` என்று ஒரு பொத்தான் வரும். அதை அவர் போடாவிட்டால் நமக்குத் தகவல் வராமல் போகலாம். சிலர் சேர்ந்து மூன்று மாதம் கழித்துத்தான் பதிவார்கள். அதனால் மாதத்தின் முதல் திங்கட்கிழமை அந்த இருபது பேரின் பக்கத்தையும் நானே திறந்து பார்த்துவிடுவேன். கால்மணி நேர வேலை.

இதைவிட உறுதியான அலர்ட் உங்கள் மெயிலிலேயே இருக்கிறது. கொட்டேஷன் அனுப்பிய மெயில் `Address not found` என்று திரும்பி வந்தால், ஆள் பெரும்பாலும் அங்கே இல்லை. "நான் இப்போது இங்கே வேலையில் இல்லை, இன்னாரைத் தொடர்புகொள்ளுங்கள்" என்று தானாக ஒரு பதில் வந்தால் இன்னும் நல்லது, புது ஆளின் பெயரே கைக்கு வந்துவிடும். இதை டெலிட் பண்ணுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

அடுத்து கூகுள் அலர்ட்

google.com/alerts திறந்து, மேலே உள்ள பெட்டியில் கம்பெனிப் பெயரை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். குறி போடாவிட்டால் வார்த்தைகளைத் தனித்தனியாகப் பிரித்துத் தேடி, சம்பந்தமில்லாததை எல்லாம் அள்ளி வரும். மதுரை டயர் கம்பெனியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வெறும் TVS என்று போட்டால் பைக் செய்தியாகக் கொட்டும். முழுப் பெயர் போட்டாலோ பங்கு விலைச் செய்தி வந்து நிற்கும். அதைக் கழிக்க:

```
"TVS Srichakra" -stock -"share price" -target
```

கழித்தல் குறிக்கும் வார்த்தைக்கும் நடுவே இடைவெளி விடக் கூடாது. அடுத்து `Show options` தொட்டு, `How often` என்பதில் `At most once a day`, `Region` என்பதில் `India` வைத்துவிட்டு `Create Alert` கொடுங்கள். `As-it-happens` வேண்டாம், இரண்டே நாளில் சலித்துப்போய் எதையும் திறக்க மாட்டீர்கள்.

நம் பக்கத்துச் சின்ன கம்பெனிகள் ஆங்கிலச் செய்தியில் வருவது அபூர்வம். அதனால் தமிழில் தனியாக ஒன்று வேண்டும். நான் முதலில் வெறும் "கப்பலூர்" என்று வைத்தேன். வந்ததெல்லாம் டோல்கேட் போராட்டம்தான்! இப்போது இப்படி இருக்கிறது:

```
கப்பலூர் தொழிற்பேட்டை OR சிட்கோ -சுங்கச்சாவடி -டோல்கேட்
```

OR பெரிய எழுத்தில்தான் இருக்க வேண்டும். ஒரு வாரம் ஓடவிட்டு, எந்த வார்த்தை திரும்பத் திரும்பத் தொல்லை தருகிறதோ அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

செய்தி வந்த உடனே போன் எடுக்காதீர்கள். புது யூனிட் கட்டப்போவதாக அறிவிப்பு வந்தால் அன்றைக்கு அவர்களுக்குப் பெட்டி தேவையில்லை. நிலம், கட்டடம், மெஷின் எல்லாம் முடிய வேண்டும். பேக்கிங் பேச்சு உற்பத்தி தொடங்க மூன்று நான்கு மாதம் இருக்கும்போதுதான் வரும். "அடுத்த ஜனவரியில் உற்பத்தி" என்று செய்தியில் இருந்தால், செப்டம்பரில் காலண்டரில் குறித்துவையுங்கள். தீ விபத்து, ஆட்குறைப்பு மாதிரிச் செய்தி வந்தால் வியாபாரம் பேசவே வேண்டாம்.

எனக்கு நடந்தது

திருமங்கலம் பக்கம் ஒரு தின்பண்டக் கம்பெனி, நான்கு வருட வாடிக்கை. அங்கே பர்ச்சேஸ் பார்த்த சார் திண்டுக்கல்லில் ஒரு மசாலா கம்பெனிக்கு மாறியது `Catch up` பக்கத்தில் தெரிந்தது. உடனே வாழ்த்து அனுப்பவில்லை, எப்போது சேர்ந்தார் என்று தேதியைப் பார்த்தேன். முன்பு ஒருமுறை இதே மாதிரி ஒருவருக்கு அவசரமாக வாழ்த்தப் போய், "தம்பி, நான் மாறி மூணு வருஷம் ஆச்சு, இப்பத்தான் போட்டேன்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

தேதி சரிதான். வாட்ஸ்அப்பில் இவ்வளவுதான் அனுப்பினேன்: "வணக்கம் சார். திண்டுக்கல் போயிட்டீங்கன்னு பார்த்தேன், ரொம்ப சந்தோஷம். தீபாவளி ரஷ்ல லோடு லேட்டானப்ப நீங்க பொறுத்துக்கிட்டதை மறக்க மாட்டேன்." பெட்டி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதே நாள் பழைய கம்பெனியின் ஸ்டோர் கீப்பருக்குப் போன் போட்டேன். "அண்ணே, சார் சீட்டுக்கு யாருண்ணே வர்றாங்க?" கோயம்புத்தூரிலிருந்து ஒரு மேடம், ஒன்றாம் தேதி சேர்கிறார் என்றார். முதல் வாரம் போகவில்லை, அது கையெழுத்துப் போடவும் முகம் பழகவுமே சரியாக இருக்கும். இரண்டாவது வாரம் ஒரே ஒரு தாளோடு போனேன். நாங்கள் தரும் மூன்று சைஸ், ரேட், கடைசியாக ரேட் ஏற்றிய மாதம், பாக்கி இருக்கும் பிஓ. மேடம் தாளைப் பார்த்துவிட்டு, "இந்தச் சின்னப் பெட்டிக்கு எதுக்கு 5 ப்ளை? 3 ப்ளை தாங்காதா?" என்றார். ஐந்து அடுக்கு அட்டைக்குப் பதில் மூன்று அடுக்கு போதாதா என்கிறார், நியாயமான கேள்விதான். 3 ப்ளையில் சாம்பிள் கொடுத்தோம், அடுக்கிப் பார்த்தார்கள், தாங்கியது. எனக்கு அந்த சைஸில் வரவு குறைந்தது. ஆனால் நான் போகாமல் இருந்திருந்தால் அதே கேள்வியை வேறொரு வெண்டரிடம் கேட்டிருப்பார்.

திண்டுக்கல் சாருக்கு நான்காவது வாரம் மறுபடி எழுதினேன்: "சார், மசாலா பெட்டி ஈரத்துல இளகுற பிரச்சினை அங்க இருக்கா? இருந்தா ஒரு சாம்பிள் கொண்டுவந்து காட்டுறேன்." மார்ச் வரை பழைய வெண்டரோடு ரேட் பேசி முடித்தாகிவிட்டது, பிப்ரவரியில் வா என்றார். போனில் பிப்ரவரி 3 என்று ரிமைண்டர் வைத்தேன், அன்றைக்கே சாம்பிளோடு போய் நின்றேன். ஏப்ரலிலிருந்து ஒரே ஒரு சைஸ் எங்களிடம் வாங்குகிறார்கள், மாதம் 2,000 பெட்டி. மற்ற சைஸ் எல்லாம் இன்னும் பழைய வெண்டரிடம்தான்.