துபாயில் போட்ட கையெழுத்து மன்னார்குடியில் செல்லுபடியாக

வெளிநாட்டிலிருந்து ஒரு மாதம் விடுப்பில் வருகிறவருக்குப் பெட்டியில் என்ன வைப்பது என்று சொல்லத் தேவையில்லை. நிலப் பத்திரத்தின் நகலை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள். ஊருக்கு வந்த இரண்டாம் நாளே யாராவது கேட்டுவிடுவார்கள்: "அண்ணே, ஒவ்வொண்ணுக்கும் உங்களுக்குப் போன் போட்டுக் கேட்க முடியாது. ஒரு பவர் எழுதிக் குடுத்துடுங்க, எல்லாத்தையும் சேர்த்தே எழுதிடுங்க."

அந்த 'எல்லாத்தையும்' என்ற சொல்லில்தான் வினை. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவன் தம்பி, ஆற்றில் தண்ணீர் வந்த அன்று வாய்க்காலில் நின்றவனும் அவன்தான். நாம் அங்கே இல்லை. அந்தக் கூச்சத்தில் விற்கும் அதிகாரத்தையும் சேர்த்து அந்தப் பவரைப் பொது அதிகாரப் பத்திரமாக எழுதிக் கொடுத்துவிடுகிறோம். நெல் போடவும் வீட்டு வரி கட்டவும் விற்பனை அதிகாரம் தேவையே இல்லை.

மன்னார்குடிப் பக்கம் ஆறு மா நஞ்சை, அதாவது ஏறக்குறைய இரண்டு ஏக்கரும், ஓர் ஓட்டு வீடும் ஒருவருக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பட்டா அவர் பெயரிலேயே இருக்கிறது. (இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று வாங்கிப் பட்டாவை மாற்றுவதுதான் முதல் வேலை. உடன்பிறந்தவர்களின் பங்குக்கும் சேர்த்து நீங்கள் பவர் கொடுக்க முடியாது.) அவர் எழுத வேண்டியது சிறப்பு அதிகாரப் பத்திரம். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை எல்லாம் அதில் வர வேண்டும். சாகுபடி செய்வது, கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவது, வரி கட்டுவது, மின் இணைப்பு, கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுப்பது என்று வேலைகளை ஒவ்வொன்றாக எழுதிவிட்டு, கடைசியில் இப்படி ஒரு பத்தி: "மேற்படி சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ, கிரய உடன்படிக்கை செய்யவோ, குத்தகைக்கு விடவோ முகவருக்கு அதிகாரம் கிடையாது."

குத்தகையைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. தானே உழைத்துப் பயிரிடும் குத்தகைதாரரை 1955-ம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கிறது. 1969-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர் தன் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம். அவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு நியாயமாகவே கிடைத்தது. ஆனால் தம்பி 'ஒரு போகம்தானே' என்று வாய்வார்த்தையாக விட்ட நிலத்தைத் திரும்பக் கேட்கும்போது, நினைத்தபடி கைக்கு வராது.

விடுப்பில் ஊரில் இருக்கும்போதே எழுதினால், சார்பதிவாளர் அலுவலகத்தில் இருவரும் நேரில் நின்று பதிவு செய்துவிடலாம். சிக்கல் எல்லாம் வெளிநாட்டில் எழுதி அனுப்பும்போதுதான். அங்கே இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ அதிகாரி முன்னிலையில்தான் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டிலேயே போட்டுக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் பட்டாவில் ஒரு மாதிரியும் பெயர் இருந்தால் 'என்கிற' போட்டு இரண்டையும் எழுதுங்கள். முத்திரை விழாத பக்கம் ஒன்றுகூட இல்லை என்று பார்த்த பிறகே வெளியே வாருங்கள்.

அந்த முத்திரையோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரும்பாலானோர் சறுக்கும் இடம். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்குள் வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அதற்குப் போக வேண்டிய இடம் மாவட்டப் பதிவாளர் அலுவலகம். சார்பதிவாளரிடம் கொண்டு போனால் ஒரு நாள் வீண். எப்போது வந்தது என்பதற்குச் சான்று அந்தத் தபால் உறைதான். நம் வீடுகளில் காகிதத்தை எடுத்துக்கொண்டு உறையைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். உறையையும் கூரியர் ரசீதையும் பத்திரத்தோடு பின் அடித்து வைக்கச் சொல்லுங்கள். ஊருக்கு வரும் நண்பர் கையில் கொடுத்தனுப்பினால், அவர் பாஸ்போர்ட்டில் விழுந்த வருகை முத்திரையின் நகலை வாங்கி வையுங்கள்.

நம் ஆறு மாக்காரர் ஜனவரி 10 அன்று கையெழுத்திட்டு, ஜனவரி 20 அன்று பத்திரம் வீடு வந்து சேர்ந்தால், ஏப்ரல் 20-க்குள் தீர்வை கட்டியிருக்க வேண்டும். தம்பி அதைப் பீரோவில் வைத்துவிட்டுக் குறுவைக்குத் தண்ணீர் திறந்த பிறகு ஜூனில் வெளியே எடுத்தால், தீர்வையோடு அபராதமும் சேரும், கோப்பும் நீளும். 'வந்துடுச்சு அண்ணே' என்று அவன் போனில் சொல்லும்போது நாம் கேட்க வேண்டியது ஒன்றே: எந்தத் தேதியில்?

அதிகாரத்தை நிறுத்த வேண்டி வந்தால், போனில் சொன்னது போதாது. ஊரில் பதிவு செய்த பவர் என்றால் அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரத்தையும் பதிவு செய்யுங்கள். முகவருக்கு விரைவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். கிராம நிர்வாக அலுவலர், வங்கி, கூட்டுறவுச் சங்கம் என்று அந்தப் பவரைக் காட்டிய ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கடிதம் போக வேண்டும். ரத்தானது தெரியாமல் ஒருவர் முகவரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் உங்களைக் கட்டுப்படுத்தும்.