கிருமியைக் குத்தாமல் தேய்க்க வைத்தது

நான்கைந்து வயதுக் குழந்தைகளுக்கு கை கழுவப் பழக்க நான் செய்த திரை விளையாட்டு அது. திரையில் கிருமியைத் தொட்டால் மறையும். எல்லோரும் சட்டென்று முடித்தார்கள். ஆனால் குழாயடியில் உள்ளங்கையை மட்டும் நனைத்துவிட்டு ஓடினார்கள். விளையாட்டு வேகத்தைத்தான் பழக்கியிருந்தது.

சரி என்று தொடுவதை எடுத்துவிட்டு, விரலால் தேய்த்தால்தான் நுரை பரவும் என்று மாற்றினேன். கட்டைவிரல், விரலிடுக்கு, நகநுனி மூன்றிலும் நுரை படாமல் கிருமி போகாது. அவசரமாக இழுத்தால் நுரை கலைந்துவிடும். தேய்க்க வேண்டிய 20 விநாடியை எண்ணாகக் காட்டவில்லை, அந்த வயதுக்கு அது புரியாது. அந்த நீளத்துக்கு ஒரு பாட்டு ஓடும்.

அப்புறம் குழாயடியில் கவனித்தேன். அதே பாட்டை முணுமுணுத்தபடி கட்டைவிரலைச் சுற்றித் தேய்த்தார்கள். நகநுனியை மட்டும் இன்னும் சிலர் விடுகிறார்கள்.